முதல் வீடியோவும் முப்பத்தொரு கமெண்ட்டும்: ஒரு சிறுகதையைக் கட்டும் வழி

பதினைந்து வயதுப் பையன் முதன்முதலாக ஒரு வீடியோ போடுகிறான், கமெண்ட்டில் அவனைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். இந்தக் கருவை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். பையன் அழுகிறான், அம்மா தேற்றுகிறாள், அடுத்த வீடியோவை லட்சம் பேர் பார்க்கிறார்கள். அந்தக் கதை நிற்காமல் போவதற்குக் காரணம், அதில் வீடியோவே கிடையாது. பையன் எதைக் காட்டினான், எந்த நிமிடத்தில் தப்பு நடந்தது, சிரித்தவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதினவருக்கே தெரியாது. அதனால் கமெண்ட்டுகள் எந்தக் கதையிலும் பொருந்தக்கூடிய வசவுகளாக நின்றுவிடுகின்றன.

ஆகவே வேலையை வீடியோவிலிருந்து தொடங்குவோம். சேரன்மகாதேவியில் ஆச்சியோடு இருக்கும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை வைத்துக்கொண்டு, கதையை முதலிலிருந்து கடைசிவரை கட்டிப் பார்க்கலாம். பெயர் சங்கரன். அவன் வைத்துக் காட்டுவது திருநெல்வேலிச் சொதி, தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு.

முதலில் வீடியோவைத் தயார் செய்யுங்கள்

கதையில் ஒரு வரி எழுதும் முன்பு, வீடியோவின் நிமிடக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு நேரம், போனை எங்கே சாய்த்து வைத்தான், பின்னால் என்ன சத்தம் கேட்கிறது, தப்பு எப்போது நடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதில் பாதி கதைக்குள் வராது. ஆனால் கமெண்ட்டுகளை எழுதும்போது இந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

சொதியைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கிற பதார்த்தம் என்பதால் ஊருக்குள் எல்லோருக்கும் அதன் பதம் தெரியும். அதில் தப்பு நடக்கிற இடமும் ஒன்றே ஒன்றுதான். தேங்காயைத் துருவி அரைத்து மூன்று பால் எடுக்கிறோம். மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து, கடைசியில் தீயை நன்றாகக் குறைத்துக்கொண்டு முதல் பாலை ஊற்ற வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது அதற்கப்புறம், கொஞ்சம் சூடு ஆறினபிறகு. முதல் பால் ஊற்றிய பின் தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். பாலில் உள்ள புரதம் கொதிசூட்டில் கட்டியாகி, அது பிடித்து வைத்திருந்த எண்ணெய் தனியே பிரிகிறது. மேலே எண்ணெய் மிதக்க, கீழே வெள்ளைவெள்ளையாகப் பொடி நிற்கும். கேமராவில் இது நன்றாகவே தெரியும், மறைக்க முடியாது.

இந்தக் கதைக்கு வேண்டியதும் அதுதான். வாசகர் தானாகவே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படியான ஒரு தப்பு. ‘வீடியோ சரியாக வரவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் பையன் பக்கமும் சாய முடியாது, சிரித்தவர்கள் பக்கமும் சாய முடியாது.

நம் தாளில் இப்படி எழுதிக்கொள்வோம். வீடியோ 6 நிமிடம் 40 நொடி. போன் மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆவி பட்டு லென்ஸ் ஓரம் மங்கியிருக்கிறது. 3:50-இல் முதல் பாலை ஊற்றுகிறான். ஊற்றிவிட்டு, தீயைக் குறைக்காமல், கேமராவைப் பார்த்து மறுவீட்டு விருந்தின் பெருமையைப் பேச ஆரம்பிக்கிறான். 4:12-இல் பின்னாலிருந்து ஆச்சியின் குரல்: “ஏலே, அணைலே! அணைன்னு சொல்லுதேன்லா!” அவன் திரும்பாமல் பேசிக்கொண்டே போகிறான். 4:30-இல் அகப்பையை விட்டுத் தூக்கும்போது பால் திரிந்திருக்கிறது. அதைக் கவனிக்காதவன்போல, “பாருங்க, எவ்வளவு திக்கா வந்திருக்கு” என்கிறான்.

திக்காக வந்திருக்கிறது என்ற அந்தப் பொய்தான் கதையின் விதை. பால் திரிந்தது அவனுக்கு அப்போதே தெரியும். தெரியாத பையனாக வைத்தால் அவன் வெறும் அப்பாவி, கதையும் அனுதாபக் கதையாகிவிடும்.

திரையில் என்ன தெரியும், என்ன தெரியாது

யூடியூபை வைத்து எழுதும் கதைகளில் வாசகர் உடனே பிடித்துவிடும் பிழை ஒன்று உண்டு. ‘இருநூறு பேர் டிஸ்லைக் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்து வகுப்பே சிரித்தது’ என்று எழுதுவார்கள். 2021 நவம்பரிலிருந்து டிஸ்லைக் எண்ணிக்கை பொதுவில் தெரிவதில்லை. சேனல் வைத்திருப்பவருக்கு மட்டும் ஸ்டூடியோ செயலிக்குள் தெரியும். ஊர் பார்க்க முடியாத எண்ணை அவன் ஒருத்தன் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது கதைக்கு இன்னும் நல்லது. பிழையைத் திருத்தும்போதே ஒரு காட்சியும் கிடைக்கிறது.

அதே 2021-இல் இன்னொரு மாற்றமும் வந்தது. பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுவரை உள்ளவர்களின் கணக்கில், ஏற்றும் வீடியோ முதலில் பிரைவேட்டாக இருக்கும்படி வைத்தார்கள். சங்கரன் உண்மை வயதைக் கொடுத்துத்தான் கணக்கு தொடங்கியிருக்கிறான் என்றால், அவனே கைவைத்துப் பப்ளிக் என்று மாற்றியிருக்க வேண்டும். அந்த ஒரு தொடுகையைக் கதையில் விடாதீர்கள். பின்னால் அவன் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளப்போவது அதைத்தான்.

பார்வை எண்ணிக்கையும் கமெண்ட் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். பேர் தெரியாத பையனின் முதல் வீடியோவுக்கு முதல் நாளில் முப்பது, நாற்பது பார்வை வந்தால் பெரிது. கமெண்ட் ஒன்றிரண்டு வரலாம், வராமலும் போகலாம். நம் கதையில் 214 பார்வை, 31 கமெண்ட். இந்த விகிதம் தானாக வராது. யாரோ ஒருவர் லிங்க்கைத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் போட்டிருக்கிறார். எண் தப்பாக இருக்கிறதே என்று மாற்ற வேண்டாம். அதையே கதையாக்குங்கள். வகுப்புக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது, அதில் சங்கரனும் இருக்கிறான், ஆனால் அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஆக இவன் இல்லாத இன்னொரு குழு இருக்கிறது. இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. 214, 31 என்ற இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், விவரம் தெரிந்த வாசகர் புரிந்துகொள்வார்.

ஒரு கமெண்ட்காரரைச் சேனலிலிருந்து மறைத்துவிடும் வசதியும் உண்டு. மறைக்கப்பட்டவருக்குத் தகவல் போகாது. அவர் திரையில் அவர் எழுதியது இருந்தபடியே இருக்கும், மற்றவர்களுக்கு மட்டும் தெரியாது. இதை முடிவுக்கு வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். பொத்தானை அமுக்கித் தீர்கிற கதையில், பொத்தானை அமுக்கியபின் வாசகருக்கு வேலை இருக்காது.

இருபது கமெண்ட் எழுதி, ஐந்தை வைத்துக்கொள்ளுங்கள்

கமெண்ட்டுகளைக் கதைக்குள் எழுதாமல் தனித்தாளில் எழுதுங்கள். இருபதாவது எழுதினால்தான் சுமாரானவை கழிந்து நல்லவை தேறும். ஒவ்வொன்றையும் யார், எதற்காக எழுதினார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருவது யாருக்கும் தோன்றுகிற சிலேடையாகத்தான் இருக்கும்: “சொதி இல்ல தம்பி, சொதப்பல்.” இது நல்ல நகைச்சுவை இல்லையே என்று தூக்கிப்போட வேண்டாம். கூட்டத்தின் கிண்டல் அப்படித்தான் இருக்கும். இதையே மூன்று பேர், மற்றவர் எழுதியதைப் படிக்காமல், தனித்தனியாக எழுதட்டும். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் அது வலிக்கிறது.

இரண்டாவது, வெறும் எண்: “4:12”. கூடவே சிரிக்கும் முகங்கள். கமெண்ட்டில் நேரத்தை எழுதினால் அது தொடுப்பாகிவிடும், தொட்டதும் வீடியோ அங்கே போய் நிற்கும். வருகிறவன் எல்லாம் நேராக ஆச்சியின் குரலுக்குத்தான் போகிறான். ஸ்டூடியோவில், பார்வையாளர்கள் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் கோடு சரிந்துகொண்டே வந்து, அந்த இடத்தில் மட்டும் மேடாக எழும்பியிருக்கும். அந்த மேட்டைச் சங்கரன் பார்க்கிற இடத்துக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்.

மூன்றாவது, “பின்னாடி கத்துற கெழவிக்கு ஒரு சேனல் ஆரம்பிச்சுக் குடுங்கப்பா.” இதை எழுதியவன் அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிற ஒருத்தன். பெயர் வேறாக இருந்தாலும் எழுத்துநடையை வைத்துச் சங்கரன் ஆளைக் கண்டுபிடிக்கிறான். எப்படி என்று விளக்காதீர்கள். எந்தக் கமெண்ட்டுக்குப் பிறகும் நான்கு புள்ளி வைக்கிறவன் என்று முன்னால் ஓரிடத்தில் காட்டிவிட்டு, இங்கே அந்த நான்கு புள்ளியை வையுங்கள்.

நான்காவது உப்புச்சப்பில்லாத ஒரு “நைஸ்”. இது இல்லாவிட்டால் பட்டியல் செயற்கையாகிவிடும்.

ஐந்தாவதுதான் அச்சாணி: “மொதப் பால் ஊத்துனப்பொறம் தீய வச்சிருக்கக் கூடாது. அந்தம்மா சரியாத்தான் சொல்லுதாவ. நீதான் கேக்கல.” இதில் கேலி இல்லை, திட்டு இல்லை. ஆனால் மற்ற முப்பதும் சேர்ந்து செய்யாததை இது செய்கிறது. அந்த முப்பதையும் ‘பொறாமை’ என்று அவன் ஒதுக்கிவிடலாம். இதை ஒதுக்க முடியாது.

எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்: அவனுடைய ‘சொல்லுதேன்’, ‘வாரேன்’ பேச்சையும் யாராவது கேலி செய்வதாக வைக்கலாமே என்று. நெல்லைக்காரர்களுக்கு அது நன்றாக உறைக்கும். ஆனால் இந்தக் கதையில் சிரிக்கிறவர்கள் அவன் வகுப்புப் பையன்கள். அவர்கள் வீட்டிலும் அதே பேச்சுதான், அவர்கள் காதில் அது விழவே விழாது. பேச்சுக் கேலியை எழுத வேண்டுமானால் வீடியோ வெளியூருக்குப் போக வேண்டும். அது வேறு கதை. இரண்டு காயத்தை ஒரே சிறுகதையில் வைத்தால் இரண்டும் ஆறிப்போகும்.

எழுத்து விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நிஜத்தில் பாதிக் கமெண்ட்டுகள் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக இருக்கும். அப்படியே அச்சிட்டால் வாசிப்பு தடுக்கும். தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள், ஆனால் திருத்தாதீர்கள். புள்ளி, கமா இல்லாமல், சொல்லைப் பாதியில் விட்டு, பேசுகிறபடியே இருக்கட்டும். கதைசொல்லியின் நடை எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இவை தனித்துத் தெரியும்.

ஒரு சாயங்காலம் போதும்

வீடியோ எடுத்த நாள், ஏற்றிய நாள், பள்ளிக்கூடம் போன நாள் என்று வரிசையாக எழுதினால் ஆயிரத்தைந்நூறு சொல்லில் எதற்கும் இடம் இருக்காது. ஏற்றியது சனிக்கிழமை ராத்திரி, கதை நடப்பது ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம். சொதி வைத்த விதமெல்லாம் சங்கரன் தன் வீடியோவைத் தானே மறுபடி பார்க்கும்போது உள்ளே வந்துவிடும். தனியாகப் பின்கதை தேவையில்லை. நாளை திங்கட்கிழமை என்பது வாசகர் மனதில் தானாகவே தொங்கிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்குள் போகவே வேண்டாம்.

இடத்தையும் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல். இந்தச் சொற்களைச் சொன்னாலே வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். தாமிரபரணியையும் அல்வாவையும் உள்ளே இழுத்து வந்து ஊரை நிரூபிக்க வேண்டியதில்லை.

நடுக்காட்சி: ஆச்சிக்கு வாசித்துக் காட்டுவது

கமெண்ட் கதைகளின் பெரிய சிக்கல், எதிராளிக்கு முகம் இல்லை என்பது. பையன் போனைப் பார்க்கிறான், வருத்தப்படுகிறான், மறுபடி போனைப் பார்க்கிறான். இதைக் காட்சியாக்க முடியாது. எழுத்து வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு அவன் அந்தக் கமெண்ட்டுகளை வாய்விட்டு வாசிக்க வேண்டிய நிலை வந்தால் காட்சி தானாகவே கிடைக்கிறது. வாசிக்கும்போது மாற்றி வாசிப்பான். மாற்றியதை அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் நம் சாமர்த்தியம்.

முதல் வரைவில் வழக்கமாக இப்படி வரும்: ‘ஆச்சி அவன் கண்ணீரைத் துடைத்துவிட்டு, ஊர் ஆயிரம் பேசும், நீ ஒன் வேலையப் பாரு என்றாள்.’ இதில் ஆச்சிக்கு ஒன்றும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எந்த ஆச்சியும் எந்தப் பேரனுக்கும் சொல்லலாம். நம் ஆச்சிக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும்: அந்தச் சொதி திரிந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதினால் இப்படி ஆகும்:

ஆச்சி தார்சாவில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“படம் போட்டியாமே. மேல வீட்டுக்காரி சொன்னா. எத்தன பேரு பாத்துருக்காவ?”

“எரநூறு பேரு ஆச்சி.”

“எரநூறு பேரா! ஒங்க அம்ம கலியாணப் பந்தியில கூட அத்தன எல விழலியே. என்ன எழுதியிருக்காவ?”

“நல்லாருக்குன்னு எழுதியிருக்காவ.”

“வாசி, கேப்போம்.”

சங்கரன் விரலால் திரையை மேலே தள்ளினான். “சூப்பர்னு ஒருத்தர் போட்டிருக்காரு.”

“ம்.”

“பாத்தாலே பசிக்குன்னு ஒருத்தர்.”

“ம்.”

“எங்க வீட்லயும் இப்பிடியேதான் வைப்போம்னு ஒரு அக்கா...”

ஆச்சியின் கை நின்றது. “திரிஞ்சுபோன சொதிய எவ வீட்லலே இப்பிடியேதான் வைப்பா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆச்சி ஒரு காம்பை உருவி முறத்தில் போட்டாள்.

“உள்ளத வாசி.”

இந்த இடத்தில் சங்கரனுக்கு முன்னால் முப்பத்தொன்று இருக்கிறது. ‘கெழவி’ கமெண்ட்டை அவன் வாசிக்கமாட்டான். அதைத் தாண்டி ஐந்தாவதற்கு வருகிறான். தான் தப்பிப்பதற்காக இதுவரை பொய் வாசித்தவன், இப்போது ஆச்சியைக் காப்பதற்காகத் தன்னைக் குற்றம் சொல்கிற ஒன்றை வாசிக்கிறான். இதைச் சொல்லிவிடாதீர்கள். விரல் ஒரு கமெண்ட்டின்மேல் நின்று, பிறகு கீழே போனது என்று மட்டும் எழுதுங்கள்.

பேச்சுவழக்கை எவ்வளவு போடுவது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். கதைசொல்லி பொதுத்தமிழில் பேசட்டும், பாத்திரங்கள் மட்டும் நெல்லையில் பேசட்டும். ‘சொல்லுதேன்’, ‘எழுதியிருக்காவ’, ‘எரநூறு’ என்று வினையிலும் ஒலியிலும் ஊர் தெரிந்தால் போதும். வாக்கியத்துக்கு ஒரு ‘லே’ ஒட்டுவதுதான் வெளியூர்க்காரர்கள் செய்யும் பிழை. ஆச்சி பேரனைப் பார்த்து ‘லே’ போடுவாள், கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வார்கள். பேரன் ஆச்சியைப் பார்த்துப் போட்டால் கதை அந்த இடத்திலேயே செத்துவிடும். அதோடு, மேலே உள்ள காட்சியில் ஆச்சி ஓரிரு வரி மட்டுமே கோபமாகப் பேசுகிறாள். அந்த இடத்தில் வருகிற ‘லே’க்குத்தான் எடை.

எங்கே நிறுத்துவது

ஐந்தாவது கமெண்ட்டை வாசித்து முடித்ததும் கதைக்கு நூறு சொல்தான் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டாவது சொதி வைத்துக் காட்டி, அது சரியாக வந்து, ஊரே புகழ்வதாக முடித்தால், 4:12-இல் கேட்காத பையன் பாடம் படித்துவிட்டான் என்று ஆகிவிடும். அது பள்ளிக்கூடக் கட்டுரை. வீடியோவை அழித்துவிடுகிறான் என்று முடித்தால், ஆச்சியின் குரலும் சேர்ந்து அழிகிறது. இதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, ஆனால் அவன் ஒருத்தனே செய்கிற காரியம் என்பதால் காட்சி மறுபடி போனுக்குள் போய்விடும்.

நாங்கள் தேர்வது மூன்றாவதை:

“இத எழுதுனது யாரு?”

“தெரியல ஆச்சி. பேரு போடல.”

“பொம்பளதான்” என்றாள் ஆச்சி. முறத்தைத் தட்டிக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். “அந்தம்மா சரியாத்தான்... எப்பிடி எழுதியிருக்கா? இன்னொரு தடவ வாசி.”

இவ்வளவுதான். ‘அந்தம்மா’ என்று தன்னை ஒருத்தி அறிந்து சொன்னதை ஆச்சி மறுபடி கேட்க விரும்புகிறாள். அவன் வாசித்தானா என்று எழுத வேண்டாம்.

எழுதி முடித்ததும் ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். கதையில் ‘அவமானம்’, ‘வலி’, ‘நொறுங்கினான்’ என்ற சொற்கள் எங்கெங்கே வந்திருக்கின்றன என்று தேடி, அவை உள்ள வாக்கியங்களை அடித்துவிட்டு, மறுபடி வாசியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அடித்தது சரி. குறைகிறது என்றால், அந்த இடத்தில் 214, 31, கோட்டின் மேடு, நான்கு புள்ளி ஆகிய நான்கில் ஒன்று வராமல் போயிருக்கிறது. அதைக் கொண்டுபோய் அங்கே வையுங்கள்.

தலைப்பு கடைசியில். ‘சொதப்பல்’ என்று வைக்கக் கை துறுதுறுக்கும், ஆனால் அதை அந்த முதல் கமெண்ட்காரன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டான். ‘முதல் பால்’ என்று வையுங்கள்.